நன்றிக் கடிதமும் தமிழ் வழக்கும்: அயல்நாட்டு மாணவியின் கடிதமொன்றில் சொல்தேர்வுத் திருத்தம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் கற்க வந்து, ஒரு குடும்பத்துடன் தங்கிப் படித்துத் தம் நாடு திரும்பும் மாணவர்கள் அக்குடும்பத்தாருக்கு எழுதும் நன்றிக் கடிதங்களில் இலக்கணப் பிழைகள் மிகுதியாக இருப்பதில்லை. ஆயினும் அவற்றைப் படிப்போர் சில இடங்களில் திடுக்கிடுகின்றனர். எழுதியவர் கருதாத பொருள் அங்கே தோன்றுவதே காரணம். அத்தகைய மாதிரிக் கடிதமொன்றை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சொல்வழக்குப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எவ்வாறு திருத்தலாம், எவற்றைத் திருத்தாமல் விடவேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: அயலார்க்குத் தமிழ் கற்பித்தல், சொல்வழக்கு, துணைவினை, நாம் – நாங்கள் வேறுபாடு, நன்றி

முன்னுரை

மதுரையில் அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்புகள் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றன. இத்தகைய வகுப்புகளுக்கு வரும் மாணவர்கள் வகுப்பறையில் எழுத்துத் தமிழையும், தங்கும் வீட்டிலும் தெருவிலும் பேச்சுத் தமிழையும் ஒருசேரக் கற்கின்றனர். படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் தங்கியிருந்த வீட்டாருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுத விரும்புவது இயல்பு. பாடப்பயிற்சியாக அல்லாமல் உண்மையான தேவைக்காக அவர்கள் தமிழில் எழுதும் முதல் எழுத்து பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். படிப்பவர் ஆசிரியர் அல்லர். தம்மைப் பத்து மாதம் பேணிய ஓர் அம்மா. வகுப்புப் பயிற்சியில் வரும் பிழைக்கு மதிப்பெண் குறையும். இங்கே வரும் பிழையால் ஒருவர் மனம் வருந்தக்கூடும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கடிதம் தனியொருவர் எழுதியதன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமிழில் எழுதும்போது வழக்கமாக நேரும் பிழைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட மாதிரியாகும். எழுதுபவர் ஓர் இளம்பெண்; தங்கிய வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி என மூவர் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

கடிதம்

அன்பான விருந்தோம்பல் குடும்பமே,

என்னை உங்கள் இல்லத்தில் பத்து மாதங்கள் வைத்திருந்ததற்கு மிக்க நன்றி. நான் உங்கள் வீட்டை விட்டுப் போனபோது அழுதேன். நான் உங்களை மிகவும் இழக்கிறேன். அம்மா, நான் உங்கள் உணவை நேசித்தேன், குறிப்பாகப் பணியாரத்தை. எனக்குக் காய்ச்சல் இருந்தபோது இரவு முழுவதும் என்னைப் பார்த்தீர்கள். அதற்கு நன்றி. அப்பா, எனக்குத் தமிழ்ச் செய்தித்தாள் வாசிக்கக் கற்பித்ததற்கு நன்றி. நாங்கள் சேர்ந்து சித்திரைத் திருவிழாவுக்குப் போனதை நான் எப்போதும் நினைவில் வைத்திருப்பேன். பாட்டி பேசியதெல்லாம் எனக்குப் புரியவில்லை, ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எங்கள் வீட்டில் எப்போதும் வரவேற்கப்படுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் நன்றி. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் உண்மையான

இக்கடிதத்தில் எழுவாய் – பயனிலை இயைபு தவறவில்லை. வேற்றுமை உருபுகள் உரிய இடத்தில் நிற்கின்றன. வல்லொற்றும் பெரும்பாலும் சரியாக மிகுந்துள்ளது. இலக்கணத் தேர்வுக்குரிய விடைத்தாளாக இருந்தால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். சிக்கல் சொற்கள் சேரும் சேர்க்கையில் உள்ளது.

வைத்திருத்தலும் விட்டுப் போதலும்

முதல் தொடரே மிகவும் இடர்தருவது. ஒருவரை வீட்டில் தங்கச் செய்ததை ஆங்கிலத்தில் மிக எளிய, பொதுவான ஒரு வினையால் சொல்லிவிடலாம். உடைமையைக் குறிப்பதும் அதே வினைதான். அதற்கு நேராக மாணவி தேர்ந்தது ‘வைத்திரு’ என்னும் வினை. பணத்தை வைத்திருக்கலாம், கடை வைத்திருக்கலாம், மாடு வைத்திருக்கலாம். ஆளைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது இவ்வினையின் பொருள் மாறிவிடுகிறது. ‘மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்தார்கள்’, ‘காவல் நிலையத்தில் இரவெல்லாம் வைத்திருந்தார்கள்’ என்னும்போது அவர் தம் விருப்பப்படி வெளியேற இயலாமை உள்ளுறையாக நிற்கிறது. ஆணையும் பெண்ணையும் பற்றிய பேச்சில் இவ்வினை மணவுறவுக்குப் புறம்பான தொடர்பையே சுட்டும் என்பதைத் தமிழர் எவரும் அறிவர். ‘வைப்பு’ என்னும் பெயர்ச்சொல்லும் அவ்வழி வந்ததே. பெண்ணொருத்தி ஒரு வீட்டாருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் இச்சொல் நிற்பது நகைப்புக்கோ கூச்சத்துக்கோ இடமளிக்கும். அகராதி பார்த்து எழுதியவருக்கு இது தெரிய வழியில்லை. அகராதியில் ஒரு வினைக்குப் பல பொருள்கள் வரிசையாக இருக்கும். எந்தச் செயப்படுபொருளுடன் எந்தப் பொருள் வரும் என்பது எடுத்துக்காட்டுத் தொடர்களைப் படித்தாலன்றிப் புலப்படாது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களுக்கு இடமளித்திருப்பது இதனாலேயே இத்தகைய மாணவர்க்குப் பயன்படுகிறது.

அதே கடிதத்தில் ‘நினைவில் வைத்திருப்பேன்’ என்று வருமிடத்தில் இதே வினை பழுதின்றி நிற்பதையும் காணவேண்டும். ஆகவே ‘வைத்திரு என்னும் சொல்லைத் தவிர்க்கவும்’ என்று மாணவிக்குச் சொல்வது தவறான அறிவுரை. ஆள் வருமிடத்தில் மட்டும் தவிர்க்கவேண்டும் என்பதே சரியானது. திருத்தம் எளிது. தங்கவைத்தவர்களை எழுவாயாக்காமல் தங்கியவரை எழுவாயாக்கி, ‘பத்து மாதம் உங்கள் வீட்டில் இருந்தேன்’ என்றால் போதும்.

அடுத்த தொடரில் ‘வீட்டை விட்டுப் போனபோது’ என்பது சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பு. எனினும் தமிழில் வீட்டை விட்டுப் போவது சினங்கொண்டு வெளியேறுவதையோ, சொல்லாமல் ஓடிப்போவதையோ குறிக்கும். அன்போடு பிரிபவர் கிளம்புவார், புறப்படுவார், ஊருக்குத் திரும்புவார். வாசலில் நின்று விடைபெறுபவர் ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்பது மாணவிக்குத் தெரிந்தே இருக்கும். மதுரை வீட்டில் பத்து மாதம் இருந்தவர் அதை நாள்தோறும் கேட்டிருப்பார். பேச்சில் கற்ற அந்த நாகரிகம் எழுத்துக்கும் உரியது என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லாமற்போன செய்தி.

நான் – எனக்கு

‘நான் உங்களை மிகவும் இழக்கிறேன்’ என்பது இத்தகைய கடிதங்களில் அடிக்கடி காணப்படும் தொடர். பிரிவில் ஒருவரை எண்ணி ஏங்குவதை ஆங்கிலம் செயப்படுபொருள் குன்றாவினையால் சொல்கிறது. அவ்வினைக்கே தவறவிடுதல், இழத்தல் என்னும் பொருள்களும் இருப்பதால் மாணவர் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்கின்றனர். தமிழில் ஆளை இழத்தல் என்பது சாவைக் குறிக்கும். உயிரோடிருக்கும் மூவருக்கு இவ்வாறு எழுதுவது நல்ல சொல்லாகாது. வயது முதிர்ந்த பாட்டி இருக்கும் வீட்டில் இன்னும் உறுத்தும்.

இதற்கு ஈடான ஒரு வினையைத் தேடுவது வீண். தமிழ் இவ்வுணர்வை ஒருவர் செய்யும் வினையாகக் கருதுவதில்லை; ஒருவருக்கு நேர்வதாகக் கருதுகிறது. பிடித்தல், புரிதல், பசித்தல், வலித்தல் ஆகியவற்றைப் போலவே ஏக்கமும் நான்காம் வேற்றுமையை நாடுகிறது. ‘குழந்தைக்கு அம்மாவைத் தேடுகிறது’ என்பது வீடுகளில் அன்றாடம் கேட்கும் தொடர். இதில் குழந்தை எழுவாயன்று. தேடுவது யார் என்று கேட்டால் விடையுமில்லை. ‘எனக்கு உங்களைத் தேடுகிறது’ என்று மாணவி எழுதினால், ஒரு குழந்தை தாயைப் பிரிந்து படும் தவிப்பு அச்சொல்லோடு தானே வந்து சேரும். ‘உங்கள் நினைவாகவே இருக்கிறது’ என்பதும் பொருந்தும், சற்றே பொதுவானது.

‘உணவை நேசித்தேன்’ என்பதும் இவ்வகைப் பிழையே. நேசித்தலும் காதலித்தலும் தமிழில் ஆளையோ, நாடு, மொழி போன்ற பெரும்பொருளையோ வேண்டும். பணியாரத்தை நேசித்தவர் தமிழ்நாட்டில் இல்லை; பணியாரம் பிடித்தவர்கள் உண்டு. ‘எனக்குப் பணியாரம் மிகவும் பிடிக்கும்’ என்றதும் தொடர் தன்னிலைக்கு வந்துவிடுகிறது. சமைத்தவரைப் போற்ற வேண்டுமானால் தமிழ் வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. உணவை விட்டுவிட்டுச் சமைத்தவரின் கைக்கே சிறப்பை ஏற்றி, ‘உங்கள் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது’ என்பது அது.

கடிதத்தில் ‘நான்’ நான்கு முறை எழுவாயாக வந்துள்ளது. மாணவர் தாமே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று இதிலிருந்து கிடைக்கிறது. உணர்வையோ அனுபவத்தையோ சொல்லும் தொடரில் ‘நான்’ இருக்குமிடத்தில் ‘எனக்கு’ என்று மாற்றிப் பார்க்கவேண்டும். மாற்றியதும் வேறு வினை தேவைப்பட்டால் அவ்வினையே பெரும்பாலும் தமிழ் வழக்காக இருக்கும். அழுகை இதற்கு நல்ல சான்று. ‘அழுதேன்’ தவறில்லை, ‘எனக்கு அழுகை வந்துவிட்டது’ என்பதில் அடக்க முயன்றும் முடியாமற்போனமை சேர்ந்து வருகிறது. எது நடந்தது என்பதை மாணவிதான் சொல்லவேண்டும்.

பார்த்தலும் பார்த்துக்கொள்ளலும்

கடிதத்தின் உயிர்ப்பகுதி காய்ச்சல் பற்றியது. அதிலுள்ள பிழை ஒரேயொரு துணைவினையைச் சார்ந்தது. ‘என்னைப் பார்த்தீர்கள்’ என்றால் கண்ணால் கண்டீர்கள் என்பதே பொருள். பேணுதல் என்னும் பொருள் வேண்டுமாயின் ‘கொள்’ சேரவேண்டும்: பார்த்துக்கொண்டீர்கள். ‘கொள்’ என்னும் துணைவினைக்குத் தற்பொருட்டு என்று ஒரு விளக்கம் தரப்படுவதுண்டு. செயலின் பயன் செய்தவரையே சேரும் என்பது அதன் கருத்து. ‘பார்த்துக்கொள்’ அவ்விளக்கத்துக்குள் எளிதில் அடங்காது. பயன் பெற்றவர் நோயாளியே. பொறுப்பைத் தன்மேல் ஏற்றுச் செய்தல் என்று இங்கே கொள்வது பொருந்தும். ‘கடையைப் பார்த்துக்கொள்’, ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்பனவற்றிலும் இப்பொறுப்பே பேசப்படுகிறது. மாணவருக்கு விதி சொல்வதைவிட இம்மூன்று தொடர்களையும் அருகருகே காட்டுவது விரைவில் விளங்கும்.

இங்கு இரண்டாவது பள்ளமும் உண்டு. ‘இரவு முழுவதும்’ என்று காலநீட்சி குறிக்கப்பட்டிருப்பதால், அரைகுறையாகத் திருத்தும் மாணவர் ‘இரவு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்’ என்று எழுத வாய்ப்புண்டு. ‘கொண்டிரு’ தொடர்வினையைக் காட்டும் துணைவினை. அதனால் அத்தொடர், அம்மா விடியும்வரை கண்கொட்டாமல் முகத்தை நோக்கியிருந்ததாகவே முதலில் பொருள்படும். பார்த்தீர்கள், பார்த்துக்கொண்டீர்கள், பார்த்துக்கொண்டிருந்தீர்கள் ஆகிய மூன்றும் வடிவில் ஒன்றன்பின் ஒன்றாக நீள்வன. பொருளில் முதலும் மூன்றும் ஒருபுறம், இரண்டாவது மறுபுறம். ‘கவனித்தீர்கள்’ என்று மாற்றுவதும் பாதுகாப்பானதன்று. பேச்சு வழக்கில் ஒருவரை ‘நன்றாகக் கவனித்தார்கள்’ என்பது அடித்ததையும் கையூட்டுக் கொடுத்ததையும் கூடச் சுட்டும்.

நாம் – நாங்கள்

கடிதத்தில் மிகச் சிறிய பிழையாகத் தோன்றி மிகப் பெரிய இடைவெளியை உண்டாக்குவது ‘நாங்கள் சேர்ந்து சித்திரைத் திருவிழாவுக்குப் போனதை’ என்னும் தொடர். தமிழில் ‘நாம்’ கேட்பவரை உள்ளடக்கும். ‘நாங்கள்’ கேட்பவரை விலக்கும். இவ்வேறுபாடு தெலுங்கிலும் மலையாளத்திலும் உள்ளது, இன்றைய கன்னடத்தில் மறைந்துவிட்டது, ஆங்கிலத்தில் இல்லை. இல்லாத மொழியிலிருந்து வருபவர் இரண்டில் ஒன்றையே எங்கும் பயன்படுத்துவார். பாடநூல் வாய்பாட்டில் ‘நீங்கள்’, ‘அவர்கள்’ ஆகியவற்றோடு ஒத்த வடிவில் நிற்பதால் ‘நாங்கள்’ அவர் நினைவில் எளிதில் தங்கிவிடும்.

விளைவைப் படிப்பவர் நிலையிலிருந்து பார்க்கவேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் கைபிடித்து அழைத்துச்சென்ற அம்மா, ‘நாங்கள் சேர்ந்து போனதை’ என்று படித்ததும், மாணவி தம் வகுப்புத் தோழர்களோடு சென்றுவந்ததைச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். இலக்கண நோக்கில் அத்தொடர் முழுமையாகச் சரி. அதனால் படிப்பவருக்கு அது பிழை என்ற ஐயமே எழாது. ‘இழக்கிறேன்’ என்பதைப் படிப்பவர் அயல்நாட்டுப் பெண்ணின் தமிழ் என்று சிரித்து மன்னித்துவிடுவார். ‘நாங்கள்’ மன்னிக்கப்படுவதில்லை, உண்மைச் செய்தியாக நம்பப்படுகிறது. திருத்துவோர் முதலில் தேடவேண்டியது இத்தகைய, பிழையென்று தோன்றாத பிழையைத்தான்.

வினைமுற்றில் இவ்வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் ‘போனோம்’ என்பதே முற்று. ஐயமுள்ள மாணவர் பெயரை விட்டுவிட்டு ‘எல்லோரும் சேர்ந்து போனோம்’ என்று எழுதித் தப்பலாம். எனினும் ‘நாம்’ தரும் நெருக்கம் அதில் இராது. கடிதத்தின் பிற்பகுதியில் ‘எங்கள் வீட்டில்’ என்று வருவது தம் பெற்றோர் வீட்டைக் குறிப்பதால் அங்கு விலக்கும் வடிவமே முறை. அங்கே திருத்தவேண்டியது ‘வரவேற்கப்படுகிறீர்கள்’ என்னும் செயப்பாட்டு வினையை. அழைப்பைத் தமிழ் செயப்பாட்டில் சொல்லாது. ‘எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்’ என்றோ, ‘கட்டாயம் வரவேண்டும்’ என்றோ உரிமையோடு கேட்கும்.

நன்றி

கடிதத்தில் ‘நன்றி’ நான்கு முறை வந்துள்ளது. அவற்றுள் ஒன்றையும் பிழையென்று சொல்ல இயலாது. ஆனாலும் வரிசையாகப் படிக்கும்போது பெற்றுக்கொண்ட உதவிகளுக்குப் பற்றுச்சீட்டு எழுதியது போல் இருக்கிறது.

பழைய வழக்கில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி செய்யப்படுகிறது, பின்னர் அறியப்படுகிறது, சொல்லப்படுவதில்லை. ‘நன்றி மறந்தவர்’, ‘நன்றி கெட்டவர்’ என்னும் இன்றைய தொடர்களிலும் அச்சொல் உள்ளத்தில் நிற்கவேண்டிய ஒன்றாகவே உள்ளது. மேடையிலும் அலுவல் கடிதத்திலும் கடை வாசற்பலகையிலும் சொல்லப்படும் ‘நன்றி’ பிற்கால வழக்கு. வீட்டுக்குள் அது அருகியே ஒலிக்கிறது. இளையோர் ‘தேங்க்ஸ்’ என்று சொல்வதுண்டு, அதன் எடை குறைவு. சோறு போட்ட தாய்க்கு மகள் நன்றி சொன்னால், தாய் தன்னை அயலாளாக்கிவிட்டதாகவே எண்ணுவாள். தென்னிந்தியாவில் நன்றியுணர்வு சொல்லால் உடனே தீர்க்கப்படாமல் நடத்தையாலும் கைம்மாற்றாலும் வெளிப்படுவதை மானிடவியலர் அர்ச்சுன் அப்பாதுரை 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அப்படியானால் நன்றிக் கடிதத்தில் நன்றியை எப்படித் தெரிவிப்பது? செய்த செயலைப் பெயரிட்டுச் சொல்வதும், அது தன்னிடம் என்ன ஆயிற்று என்று சொல்வதும், மறக்கமாட்டேன் என்பதுமே தமிழ் வழக்கம். ‘வாசிக்கக் கற்பித்ததற்கு நன்றி’ என்பதை ‘நீங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குத் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கத் தெரிந்தது’ என்று மாற்றும்போது நன்றி என்னும் சொல் மறைந்து நன்றி நிற்கிறது. கற்பித்தல் பள்ளிக்குரிய சொல். வீட்டில் நடப்பது சொல்லிக்கொடுத்தல்.

நான்கையும் நீக்கிவிடவேண்டும் என்பதில்லை. மாணவி வளர்ந்த மண்ணில் அச்சொல்லைச் சொல்லாமல் விடுவது குறை. சொன்னால்தான் அவர் மனம் அமையும். ‘எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை’ என்னும் தொடர் இரு பக்கத்துக்கும் இசைவானது. சொல்லை உச்சரித்தும், அது போதாது என்று கூறி அதைத் திரும்பப் பெற்றும் கொள்கிறது. ‘என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்’ என்பது கணக்குத் தீர்க்கும் எண்ணத்தைத் தரக்கூடியதாதலால் தாய்க்கு எழுதும் கடிதத்தில் தவிர்க்கத்தக்கது.

கடைசி வரியான ‘நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்’ மாணவி அவ்வீட்டில் பலமுறை கேட்டு மகிழ்ந்த சொல்லாக இருக்கலாம். அதை மூத்தோர் இளையோருக்குச் சொல்வர். இளையவள் மூத்தோரை வாழ்த்தும் முறையில்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்ளலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

விளியும் ஒப்பமும்

‘விருந்தோம்பல் குடும்பம்’ என்பது ஆங்கிலக் கலைச்சொல்லின் நிழல். விருந்து என்பதற்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியச் செய்யுளியலில் எண்வகை வனப்புள் ஒன்றாகிய விருந்து புதிதாக யாக்கப்படும் செய்யுளைக் குறிக்கிறது. பத்து மாதம் ஒரே அடுப்பில் உண்டவர் விருந்தினர் அல்லர். அவ்வீட்டில் எப்படி அழைத்தாரோ அப்படியே கடிதத்திலும் அழைப்பது போதும். ‘இல்லம்’, ‘உணவு’ என்பன வீடு, சாப்பாடு எனத் தாழவேண்டும். வினைமுற்றுகள் எழுத்துத் தமிழில் இருக்க, பெயர்ச்சொற்கள் வீட்டுச் சொற்களாக இருப்பதே குடும்பக் கடிதத்தின் நடை. ‘உங்கள் உண்மையான’ என்பது அலுவல் கடித மொழிபெயர்ப்பு, ‘அன்புடன்’ போதுமானது. ‘உங்கள் மகள்’ என்று ஒப்பமிடலாமா என்பதைத் திருத்துவோர் முடிவு செய்யக்கூடாது.

திருத்திய வடிவம்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும்,

வணக்கம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

பத்து மாதம் உங்கள் வீட்டில் இருந்தேன். கிளம்பும்போது அழுகை வந்துவிட்டது. இங்கே எனக்கு உங்களைத்தான் தேடுகிறது. அம்மா, உங்கள் சாப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். அதுவும் அந்தப் பணியாரம்! காய்ச்சலில் கிடந்தபோது இரவு முழுவதும் உடனிருந்து பார்த்துக்கொண்டீர்கள். அப்பா, நீங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குத் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கத் தெரிந்தது. நாம் எல்லோரும் சேர்ந்து சித்திரைத் திருவிழாவுக்குப் போனதை எப்போதும் நினைவில் வைத்திருப்பேன். பாட்டி பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும், ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டுக்கு நீங்கள் கட்டாயம் வரவேண்டும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்

நலம் வினவும் முதற்பத்தி மாணவி எழுதியதன்று. தமிழ்க் கடித மரபு நோக்கிச் சேர்க்கப்பட்டது. அவர் ஒப்பினாலன்றி அது நிற்கக்கூடாது. ‘உடனிருந்து’ என்னும் சொல்லும் அத்தகையதே; அம்மா உண்மையில் அறையில் இருந்தாரா, அவ்வப்போது வந்து பார்த்தாரா என்று கேட்டறிந்த பின்னரே எழுதத்தக்கது.

கேட்காமல் திருத்தவே முடியாத தொடர் ஒன்றும் உண்டு. அது பாட்டியைப் பற்றியது. மாணவி எழுதிய ‘பாட்டி பேசியதெல்லாம் எனக்குப் புரியவில்லை’ என்பதற்கு ஒன்றுமே புரியவில்லை என்பதே தமிழில் முந்துறும் பொருள். ஆங்கிலத்தில் ‘எல்லாம்’ என்பதோடு எதிர்மறை சேரும்போது சிறிது புரிந்தது, முழுதும் புரியவில்லை என்று கொள்வதே இயல்பு. மாணவி எதைக் கருதினார் என்பது கடிதத்திலிருந்து தெரியவில்லை. பின்னதைக் கருதினார் என்று கொண்டு மேலே ‘பாதிதான் புரியும்’ என்று திருத்தப்பட்டுள்ளது. முன்னதைக் கருதியிருந்தால் ‘பாட்டி பேசுவது ஒன்றும் எனக்குப் புரியாது’ என்றிருக்கவேண்டும். இரண்டும் இரு வேறு உறவுகள்.

அத்தொடரில் ‘அவள்’ என்பது ‘அவர்’ ஆயிற்று. ‘உட்கார்ந்திருப்பேன்’ மட்டும் தொடப்படவில்லை. முடிந்துபோன காலத்தைப் பற்றி எழுதும்போது எதிர்கால வினை வந்துள்ளதே என்று கருதி, இதை ‘உட்கார்ந்திருந்தேன்’ என்று மாற்ற முனைவோர் இருப்பர். இறந்தகாலத்தில் வழக்கமாக நிகழ்ந்துவந்ததைத் தமிழ் எதிர்கால வடிவத்தால் சொல்லும். ‘அப்போதெல்லாம் காலையில் எழுந்து படிப்பேன்’ என்பது போல. ‘உட்கார்ந்திருந்தேன்’ என்றால் ஒருநாள் நடந்தது. ‘உட்கார்ந்திருப்பேன்’ என்றால் பல மாலைகள். மாணவி இவ்வடிவத்தை வகுப்பில் கற்றாரா, பாட்டியிடமே கற்றாரா என்பது தெரியாது; சரியாக எழுதியிருக்கிறார்.